ஒரு கிலோவில் 410 ரூபாய்

எங்களுடைய முதலாவது பிட்ச் டெக்கில் 23 ஸ்லைட் இருந்தது. மூன்றாவது ஸ்லைட்டில் ஐயனார் கோயில் படம், நாலாவதில் அனலைதீவின் வரலாறு, ஐந்தாவதில் புகையிலைத் தோட்டம். கருவாடு ஒன்பதாவது ஸ்லைட்டில்தான் வந்தது. நாங்கள் விற்க வந்தது கருவாடு.

நாங்கள் நாலு பேர், எல்லோரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்தியின் மாமி அனலைதீவில் இருக்கிறா. கடல் கொந்தளிச்சு ஊர்காவற்துறைக்குப் போட் ஓடாத நாட்களில் பிடிபடும் சூடையையும் கீரியையும் ஊருக்குள்ளேயே விற்க ஏலாது, விலை விழும். மாமி அதை வாங்கி, ஆனையிறவு உப்புப் போட்டு, கம்பிப் பரணில் வலை விரிச்சுக் காயவைப்பா. நிலத்தில் படாததால் மணல் கடிக்காது. அதைக் கால் கிலோ பைக்கற்றாக்கி யாழ்ப்பாணக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினோம். நாலு மாதத்தில் 112 கிலோ போனது. அந்தத் துணிவில்தான் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். யாழ் ஐரி ஹப் ‘யாழ் கீக் சேலஞ்ச்’ நடத்தத் தொடங்கிய பிறகு ‘பிட்ச்’ எங்கட ஊரிலும் புழங்கும் சொல்லாகிவிட்டது. ஆனால் நாங்கள் போனது அங்கே அல்ல, வேறோர் இடம்.

அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பத்து நிமிடம் தந்தார்கள். எட்டாவது நிமிடத்தில் நாங்கள் பன்னிரண்டாவது ஸ்லைட்டில் நின்றோம். அதில் இப்படி இருந்தது: இலங்கையின் சனத்தொகை 2.2 கோடி, அதில் ஒரு வீதம் பேர் வருடத்துக்கு ஒரு கிலோ வாங்கினால் 48 கோடி 40 லட்சம் ரூபாய். முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா கை உயர்த்திக் கேட்டார்.

“தம்பி, அதுக்கு எவ்வளவு பச்சை மீன் வேணும்?”

ஒரு கிலோ கருவாட்டுக்கு எங்கள் கணக்கில் மூன்றரைக் கிலோ மீன். 2,20,000 கிலோ கருவாட்டுக்கு 770 தொன். எங்களிடம் இருந்தது இரண்டு பரண், மாதத்துக்கு 40 கிலோ. நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பிவந்து, முதலீடு கேட்கும் டெக்குகள் எப்படி இருக்கும் என்று தேடிப் பார்த்தோம். ஏர்பிஎன்பி 2008இல் காட்டிய டெக் இணையத்தில் கிடைக்கிறது. அழகான டெக் என்று சொல்லமாட்டோம். ஆனால் அதன் வரிசை எங்களை நிறுத்தியது. பிரச்சினை, தீர்வு, அதற்குப் பிறகு ‘இது நடக்கும் என்பதற்கு அத்தாட்சி’, அதற்குப் பிறகுதான் சந்தை அளவு. அப்போது சொந்த விற்பனையென்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் கவுச்சேர்ஃபிங், கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வேறு தளங்களில் ஆட்கள் ஏற்கெனவே இப்படித் தங்குகிறார்கள் என்பதை அத்தாட்சியாக வைத்தார்கள். வருமானம் எப்படி என்ற ஸ்லைட்டில் ஒரே விசயம்: ஒவ்வொரு பதிவிலும் 10 வீதம் கொமிஷன். எங்களிடம் சொந்தமாகவே 112 கிலோ விற்ற அத்தாட்சி இருந்தது. அதை 19ஆவது ஸ்லைட்டில் ஒளித்து வைத்திருந்தோம்!

இன்னொரு விசயமும் கண்டோம். டொக்சென்ட் என்ற நிறுவனம் 2015இல், ஏறத்தாழ 200 ஸ்டார்ட்அப்களின் டெக்குகளை முதலீட்டாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று அளந்தது. ஒரு டெக்குக்குச் சராசரியாக 3 நிமிடம் 44 செக்கன். 23 ஸ்லைட்டுக்கு அதைப் பங்கிட்டால் ஒன்றுக்குப் பத்து செக்கனும் வராது. ஐயனார் படத்தில் அதில் ஒரு பத்து போயிருக்கும், அவர் எங்களை மன்னிக்க வேணும்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வொரு ஸ்லைட்டும் ஒரே ஒரு கூற்று சொல்லவேணும், அந்தக் கூற்றுத்தான் தலைப்பு. ‘சந்தை’, ‘நிதி’, ‘எமது தயாரிப்பு’ என்பவை தலைப்பு அல்ல, அலுமாரியில் ஒட்டும் லேபல். ‘12 கடைகள் நாலு மாதத்தில் 112 கிலோ வாங்கின’ என்பது கூற்று. அதை ஒருவர் நம்பலாம், மறுக்கலாம், கேள்வி கேட்கலாம். தலைப்புக்குக் கீழே அந்தக் கூற்றை நிரூபிக்கிற ஒரு படமோ ஒரு எண்ணோ மட்டும். வேறொன்றை நிரூபிக்கிறது என்றால் அது வேறு ஸ்லைட். ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்றால் வெளியே.

கேட்க இலகுவாக இருக்கிறது. செய்யும்போதுதான் சிக்கினோம். ‘நிதி’ என்ற பழைய ஸ்லைட்டில் செலவு, லாபம், மூன்று வருட வளர்ச்சி, ஒரு வட்ட வரைபடம் எல்லாம் இருந்தன. அதன் கூற்று என்ன என்று கேட்டால் நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். கடைசியில், ஒரு கிலோவில் எங்களுக்கு எவ்வளவு நிற்கும் என்பதே போதும் என்று பிடித்தோம். பழைய டெக்கில் அது 810 ரூபாய். ஒரு கிலோவுக்கு நாலு பைக்கற், ஒன்று 550, மொத்தம் 2,200. செலவு 1,390. மிச்சம் 810.

அந்த எண்ணைத் தலைப்பில் பெரிதாகப் போட்டுவிட்டுப் பார்த்தபோதுதான் ஒருத்தி சொன்னாள், “பொறுங்கோ, 550 கடைக்காரர் விக்கிற விலையெல்லே?”

ஓம். கடை எங்களுக்குத் தருவது 450. அப்போது கிலோவுக்கு 1,800. வட்ட வரைபடத்துக்குள் நாலு மாதமாக ஒளிந்திருந்த பிழை, தனியாக ஒரு ஸ்லைட்டில் நிறுத்தியதும் தானாக வெளியே வந்தது. புதிய ஸ்லைட்டின் தலைப்பு ‘ஒரு கிலோவில் எங்களுக்கு 410 ரூபாய் நிற்கும்’. கீழே ஐந்து வரி: மீன் 1,050, வெட்டிக் கழுவி உப்பிடும் கூலி 200, பைக்கற் 80, போட்டும் பஸ்ஸும் 60, கடை தருவது 1,800. எல்லாம் ‘ஒரு கிலோ கருவாட்டுக்கு’ என்ற ஒரே அளவில். முன்பு மீனைக் கிலோவிலும் பைக்கற்றை ஒன்றுக்கும் போக்குவரத்தை மாதத்துக்கும் போட்டிருந்தோம். அப்படிப் போட்டால் பார்ப்பவர் மனதுக்குள் பெருக்கிப் பிரிக்கவேணும், அவர் அந்த வேலையைச் செய்யமாட்டார். சதங்களையும் வெட்டினோம். 1,387.50 என்று போடுவது துல்லியம் மாதிரித் தெரியும், ஆனால் மீன் விலை காலைக்கும் பின்னேரத்துக்கும் மாறுகிற இடத்தில் அந்த ஐம்பது சதம் பொய். ‘கடந்த நாலு மாதக் கொப்பிக் கணக்கு’ என்று எண் எங்கிருந்து வந்தது என்பதை அடியில் சின்னதாக எழுதினோம்.

வரிசையை மாமி வீட்டு முற்றத்தில் முடிவு செய்தோம். ஒவ்வொரு தலைப்பையும் ஒரு துண்டில் எழுதி, ஒன்றை வாசித்ததும் மாமிக்கு என்ன கேள்வி வருகிறதோ அதற்குப் பதிலானதை அடுத்ததாக வைத்தோம். என்ன செய்கிறீர்கள், ஏன் தேவை, எப்படிச் செய்கிறீர்கள், ஆராவது வாங்கினவையோ, என்ன மிஞ்சும், எவ்வளவு பெரிசாக்கலாம், மன்னார் கருவாடும் நீர்கொழும்புக் கருவாடும் இருக்க உங்கட ஏன், நீங்கள் ஆர், எவ்வளவு காசு வேணும். ஒன்பது துண்டு. சந்தை ஸ்லைட்டைச் சனத்தொகையிலிருந்து இறக்காமல் பரணிலிருந்து ஏற்றினோம்: இரண்டு பரணில் 40 கிலோ என்றால் எட்டில் 160. மழைக்காலம் நாலு மாதம் காயாது, ஆகவே வருடத்துக்கு எட்டு மாதம். 48 கோடி போய்விட்டது. 160 கிலோவில் மாதத்துக்கு 65,600 ரூபாய்.

மாமி அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டா. “உங்கட சம்பளம் எங்க பிள்ளையள்?” எங்களில் மூன்று பேர் முழுமூச்சாய் நிற்பதென்றால் ஆளுக்கு 15,000 எடுத்தாலும் 45,000. மிச்சம் 20,600. எட்டு மாதத்துக்கு 1,64,800. நாங்கள் கேட்க நினைத்தது 6 லட்சம்: ஆறு பரணுக்கு 2,10,000, மூடும் மெஷினும் தராசும் 90,000, கடைக்காசு வரும்வரை மீன் வாங்க 2,40,000, பதிவும் லேபலும் 60,000. அதைத் திருப்பிக் கொடுக்க மூன்றரை வருடத்துக்கு மேல்.

அன்றிரவு கொஞ்சம் மனம் விட்டுப்போனது உண்மை. பங்கு வாங்குகிற முதலீட்டாளர் போட்ட காசு பலமடங்காகும் என்று எதிர்பார்ப்பார். இது பலமடங்காகாது. ஏர்பிஎன்பிக்கு அறை அவர்களுடையதல்ல, விருந்தாளி கூடினால் கொமிஷனும் கூடும். எங்களுக்குக் கூடவேண்டியது மீனும் வெயிலும். டெக் பிழையில்லை, நாங்கள் தேடிய ஆள்தான் பிழை. ஒன்பதாவது ஸ்லைட்டில் ‘10 வீதப் பங்குக்கு 6 லட்சம்’ என்று இருந்ததை ‘நாலு வருடக் கடனாக 6 லட்சம்’ என்று மாற்றினோம். அனுப்பியது ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அனலைதீவு ஐயாவுக்கு.

அனுப்பமுன் வடிவத்தில் பட்ட பாட்டையும் சொல்லவேணும். போட்டி மேடையில் எங்கள் பாமினி எழுத்துரு அவர்களின் லப்டொப்பில் இல்லை, தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாய் நின்றது. இந்தமுறை யுனிகோட்டில் தட்டச்சிட்டு, பிடிஎப் ஆக்கி, வேறு ஒருவரின் போனில் திறந்து பார்த்தபிறகே அனுப்பினோம். 30 புள்ளிக்குக் குறையாத எழுத்து என்று கை கவாசாகி சொல்லும் விதி தமிழுக்குக் கடுமை, எங்கள் சொற்கள் நீளம், தலைப்பு மூன்று வரிக்கு இறங்கும். எழுத்தைச் சிறிதாக்காமல் சொல்லை வெட்டினோம். வெளிர் சாம்பல் நிற எழுத்து லப்டொப்பில் வடிவாய் இருக்கும், வெயிலில் போனில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. எல்லாம் கறுப்பு, எண் மட்டும் நீலம்.

ஐயா மூன்றாம் நாள் போன் எடுத்தார். ஐந்தாவது ஸ்லைட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கதைச்சார் போல, “மீன் 300 எண்டு போட்டிருக்கிறியள், 400க்கு ஏறினால்?” என்றார். மூன்றரைக் கிலோவுக்கு 350 கூடும், 410 வெறும் 60 ஆகும் என்றோம். இந்தமுறை பதில் உடனே வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இப்போதைக்குப் பரண் காசு 2,10,000 மட்டும் தாறன், மற்றதை ஒரு மாரி முடியப் பாப்பம் என்றார்.

போன கிழமை இரும்புக் குழாயும் வலையும் ஊர்காவற்துறை இறங்குதுறைக்குக் கொண்டு போனோம். குழாயின் நீளத்தைப் பார்த்துப் போட்காரர் தனிக் கூலி கேட்டார். எங்களுடைய ஒன்பது ஸ்லைட்டில் எதிலும் அந்தக் கூலி இல்லை.