சோற்றைக் குறைத்தால் எலும்பும் குறையும்

கேலாங்கில் நள்ளிரவானாலும் அடுப்பு அணையாது. தவளைக் கஞ்சி, ஹோர் ஃபன், டுரியான் என்று ஒவ்வொரு லோரோங்குக்கும் ஒரு வாசனை உண்டு. இப்படிப்பட்ட வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு, என் அக்கா மகள் நான்கு மாதமாகச் சோற்றைத் தொடவில்லை என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயது 15. உயர்நிலைப் பள்ளியின் திடல்தடக் குழுவில் 1,500 மீட்டர் ஓடுகிறாள். “லைட்டா இருந்தா வேகமா ஓடலாம் சித்தி. டீம்ல எல்லாரும் கார்ப் கட் பண்றாங்க,” என்றாள். முதல் சில வாரங்களில் அவள் நேரமும் குறைந்தது. எடை இறங்கியதும் ஓட்டம் சற்று எளிதாகத் தெரியும். பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான்.

பிறகு வலது முழங்காலுக்குக் கீழே, உட்பக்கக் கணைக்கால் எலும்பில், ஒரே இடத்தில் வலி. முதலில் ஓடும்போது மட்டும் வலித்தது. அப்புறம் எம்ஆர்டி படிக்கட்டு ஏறும்போதும் வலித்தது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் தெரியாமலே போகலாம். எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் எலும்பில் அழுத்த விரிசல் என்று உறுதியானது. படத்தைப் பார்த்த மருத்துவர் ஓட்டத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார்: “என்ன சாப்பிடுகிறாய்? மாதவிடாய் கடைசியாக எப்போது?” அக்கா திகைத்துப்போனாள். மகளுக்கு ஐந்து மாதமாக வரவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலுக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம்? உணவு ஆலோசகர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். பெண்ணின் எடை சுமார் 50 கிலோ. அதில் கொழுப்பைக் கழித்தால் மிஞ்சும் தசை, எலும்பு, உறுப்புகள் எல்லாம் சேர்த்து 40 கிலோ. அவள் ஒரு நாளில் சாப்பிடுவது 1,500 கலோரி. பயிற்சியில் எரிப்பது 500. மீதி 1,000. அதை 40 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 25 கலோரி. இதயம், மூளை, வளர்ச்சி, எலும்பு எல்லாம் இந்த மீதியில்தான் நடக்க வேண்டும். சரியாக இயங்க சுமார் 45 தேவை. 30க்குக் கீழே போனால் உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆளுக்கு ஆள் அந்த எல்லை மாறும். அதைக் கோடு போட்டுச் சொல்ல முடியாது.

கையில் பணம் இல்லாத குடும்பம் முதலில் நிறுத்துவது வீடு கட்டுவதை அல்லவா? உடம்பும் அப்படித்தான். உயிர் வாழ அவசரமில்லாத வேலைகளை ஒத்திப்போடுகிறது. மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, மாதவிடாய் நிற்கிறது. எலும்பு அரிபடுவதைக் கட்டுப்படுத்தி வைப்பது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். கூடவே, எலும்பைக் கட்டச் சொல்லும் வளர்ச்சிச் சுரப்பும் குறைகிறது. அதாவது, கட்டுமானம் நிற்கிறது, இடிப்பு மட்டும் தொடர்கிறது. இதற்கு மாதக்கணக்கு வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லௌக்ஸ் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், இளம் பெண்களுக்கு உணவைக் குறைத்து உடற்பயிற்சி கொடுத்தபோது, ஐந்தே நாளில் எலும்புக் கட்டுமானத்தின் அறிகுறிகள் இரத்தத்தில் குறைந்தன.

பெரியவர்களுக்கு இது ஒரு நட்டம். பதின்ம வயதினருக்கு இரட்டை நட்டம். உயரம் வேகமாகக் கூடும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், பெரியவரின் எலும்புக் கனிமத்தில் ஏறத்தாழ கால்வாசி சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேமிப்பு காலத்தில் கணக்கை மூடினால், பின்னால் அதை முழுதாக நிரப்ப முடியுமா என்பது உறுதியில்லை. சிலருக்கு நிரம்புகிறது, சிலருக்கு ஒரு பங்கு போனதாகவே போய்விடுகிறது. இன்னொன்று, உயரம் முந்திக்கொண்டு போகும். எலும்பின் அடர்த்தி பல மாதம் கழித்துத்தான் எட்டிப் பிடிக்கும். அந்த இடைவெளியில் எலும்பு இயல்பாகவே சற்று பலவீனம். அதில் பட்டினியும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உலகமே அறிந்தது.

மேரி கேன் என்ற அமெரிக்கப் பெண் 2013இல், 17 வயதில், மாஸ்கோ உலகத் திடல்தடப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடினார். அதன் பிறகு ஒரு பிரபல பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2019இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ காணொளியில் அவர் சொன்னது இது: எடையைக் குறைக்கச் சொல்லித் தொடர்ந்து நெருக்கடி கொடுத்தார்கள், சக வீரர்கள் முன்னால் எடை பார்த்தார்கள், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. பயிற்றுவிப்பாளர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனால் அந்த வரிசை, உணவு, மாதவிடாய், முறிவு என்பது, மருத்துவர்கள் 1990களிலிருந்தே விளையாட்டு வீராங்கனைகளிடம் கண்டுவந்த அதே வரிசை. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கு ஆண்களையும் சேர்த்து விரிவான வரையறை தந்தது.

ஆம், மகன் உள்ளவர்களும் கேட்க வேண்டும். சிலாட், மல்யுத்தம், தேக்வாண்டோ என எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் பையன்கள் எடையைக் குறைக்கச் சாப்பாட்டையும் தண்ணீரையும் விடுகிறார்கள். அவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், எலும்பு இளைக்கும். மாதவிடாய் போன்ற எச்சரிக்கை மணி அவர்களுக்கு இல்லை. உயரம் கூடும் வேகம் குறைந்தாலோ, குரல் உடைதல் போன்ற பருவ மாற்றங்கள் தள்ளிப்போனாலோ, காலையில் எழ முடியாத களைப்பு இருந்தாலோ, அதுதான் மணி.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒரு சமாளிப்பு: “பால் குடிக்கட்டும், கால்சியம் மாத்திரை போட்டுக்கட்டும், சரியாயிடும்.” கால்சியம் தேவைதான். ஆனால் கொத்தனாருக்குக் கூலி கொடுக்காமல் செங்கல்லை மட்டும் இறக்கி வைத்தால் சுவர் எழும்பாது. முதலில் கலோரி, பிறகுதான் கால்சியம். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பதும் தீர்வல்ல. அதில் வரும் இரத்தப்போக்கு உடம்பு தேறிவிட்டதாகக் காட்டும். குறைபாடு அடியில் அப்படியே இருக்கும்.

எல்லா விரிசலும் பட்டினியால் வருவதில்லை. பயிற்சியின் அளவைத் திடீரென்று கூட்டுவது, வைட்டமின் டி குறைவு, தேய்ந்த காலணி எல்லாம் காரணமாகலாம். அதனால்தான் உணவையும் மாதவிடாயையும் கேட்கும் மருத்துவர் முக்கியம். பெண்ணுக்கு 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்கவில்லை, அல்லது மூன்று மாதமாக நின்றிருக்கிறது, அல்லது ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் எலும்பு வலிக்கிறது என்றால், அடுத்த போட்டி வரை காத்திராமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் மருந்து சாப்பாடுதான். இரவுச் சோறு திரும்பி வந்தது. பயிற்சிக்கு முன் வாழைப்பழம், முடிந்த அரை மணிக்குள் மைலோவும் வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியும், நாளுக்குச் சில நூறு கலோரி கூடுதலாக. இரண்டு மாதம் ஓட்டம் கிடையாது. வலி தீர்ந்தது, மாதவிடாய் நாலாவது மாதம்தான் வந்தது. எலும்பின் அடர்த்தி தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்தப் பருவத்துக்கு அவள் போட்டியில் இல்லை. பயிற்றுவிப்பாளரிடம் அக்கா ஒன்றே ஒன்றைக் கேட்டாள்: இனி எடை பார்ப்பதானால் தனியாக, மருத்துவர் கேட்டால் மட்டும். அவர் சரி என்றார்.