200 எழுத்துக்குள் ஒரு கேள்வி

லிங்க்ட்இன்ல முன்பின் தெரியாத ஒரு ரெக்ரூட்டருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பேக்க, Add a note எண்டு ஒரு பெட்டி வரும். இலவசக் கணக்கு வைச்சிருக்கிற எங்களுக்கு அதில் 200 எழுத்துத்தான், இடைவெளியும் சேர்த்து. மாதத்துக்கு இப்படிக் குறிப்போட அனுப்பக்கூடியதும் ஒரு சிலதுதான். ஆகவே யாருக்கு, எதைக் கேட்டு அனுப்புறது எண்டதை முதலே தீர்மானிக்க வேண்டியிருக்கு.

எங்கட வட்டத்தில இறுதியாண்டு படிக்கிற ஒருத்திக்கு, கொழும்பில ஒரு கம்பனியின்ர மென்பொருள் சோதனையாளர் வேலை விளம்பரம் கண்ணில பட்டது. விளம்பரத்திலேயே ரெக்ரூட்டரின்ர பெயரும் இருந்தது. அவள் எழுதி எங்களுக்குக் காட்டின முதல் வடிவம் இது:

"மதிப்புக்குரிய சேர்/மடம், நான் கடின உழைப்பாளி. புதிய விடயங்களை விரைவாகக் கற்றுக்கொள்வேன். உங்கள் நிறுவனத்தில் எனக்குப் பொருத்தமான வேலை ஏதும் இருந்தால் தயவுசெய்து அறியத்தரவும்."

பள்ளிக்கூடத்தில விண்ணப்பக் கடிதம் எழுதப் பழகின எல்லாருக்கும் கை இப்படித்தான் போகும். மரியாதையில ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசிக்கிறவரின்ர பக்கம் இருந்து பாருங்கோ. அவரிட்ட ஒரே நேரத்தில பல வெற்றிடங்கள் இருக்கும். "பொருத்தமான வேலை" எது எண்டு கண்டுபிடிக்க, அவர்தான் அவளின்ர பக்கத்துக்குப் போய், படிப்பைப் பார்த்து, தன்ர வெற்றிடங்களோட பொருத்திப் பார்க்க வேணும். அந்த வேலையை அவருக்குக் குடுக்கிற செய்தி அப்படியே கிடந்துபோகும். பெயர் திரையிலேயே தெரியேக்க "சேர்/மடம்" எண்டு போட்டால், இது பத்துப் பேருக்குப் போன செய்தி எண்டும் அவருக்கு விளங்கிவிடும்.

பிறகு ஒரு விஷயத்தை யோசிச்சம்: ரெக்ரூட்டரால என்ன செய்ய ஏலும்? வேலையை அவர் தூக்கித் தரமாட்டார். அனேகமா முடிவெடுக்கிறது அந்தப் பிரிவின்ர மேலாளர். ஆனால் வந்த விண்ணப்பங்களுக்குள்ள ஒரு பெயரைத் தேடிப் பார்க்க அவரால ஏலும். "இந்த இடத்துக்கு நீங்கள் தகுதியோ இல்லையோ" எண்டு ஒரு வரியில சொல்லவும் ஏலும். அதனால முதல்ல கம்பனித் தளத்தில விண்ணப்பிச்சிட்டு, பிறகு செய்தி அனுப்புறதுதான் ஒழுங்கு. அப்பதான் அவர் தேடினால் பெயர் கிடைக்கும்.

அவளுக்கு உண்மையாவே ஒரு சந்தேகம் இருந்தது. படிப்பு முடியிறது ஆகஸ்டில. விளம்பரத்தில "பட்டதாரிகள்" எண்டு மட்டும்தான் இருந்தது. அதையே கேள்வியாக்கினம். அவள் ஆங்கிலத்தில அனுப்பினதைத் தமிழில சொன்னால் இப்படி வரும்:

"வணக்கம் மிஸ் (அவரின்ர பெயர்), உங்கள் கொழும்பு ஜூனியர் கியூ.ஏ. வேலைக்கு விண்ணப்பித்துள்ளேன். ஒரு கிளினிக் பதிவுச் செயலிக்கு 60 சோதனைகள் எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் படிப்பு முடிப்பவர்களையும் எடுப்பீர்களா?"

மூண்டு வசனம். முதலாவது எந்த வேலை எண்டு சொல்லுது. இரண்டாவது அந்த வேலைக்கு நேரா ஒட்டுற ஒரே ஒரு சான்று. அவளிட்ட நாலு செயற்றிட்டங்கள் இருந்தும், விளம்பரத்தில கேட்ட வேலையோட பொருந்தினது இதுதான். "கடின உழைப்பாளி" எண்டதை ஆரும் எழுதலாம், ஆனால் அந்த 60 சோதனையை எழுதினவள்தான் அதைச் சொல்லலாம். மூண்டாவது, போனில ஒரு கையால பதில் அடிக்கக்கூடிய கேள்வி. "என்ர சி.வி.யைப் பாருங்கோ" எண்டு கேட்கேல்லை. பதில் சொல்ல நினைக்கிறவர் அதைத் தானாகவே பார்ப்பார்.

மூண்டாம் நாள் பதில் வந்தது. அந்த இடத்துக்கு ஜூனிலேயே முழுநேரமா வரவேணும், ஆகவே இந்த முறை சரிவராது. ஆனால் செப்டெம்பரில பயிலுநர்களை எடுப்பினம், அப்ப திரும்ப விண்ணப்பியுங்கோ எண்டு எழுதியிருந்தா. வேலை கிடைக்கேல்லை. வீட்டில அவளின்ர சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற நேரத்தில அது லேசான செய்தியில்லை. எண்டாலும் ஜூனுக்கு ஆள் தேடுற இடங்களை விட்டிட்டு, செப்டெம்பரை ஒட்டி ஆள் எடுக்கிற இடங்களைத் தேட அவளுக்கு வழி தெரிஞ்சது. நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பினாள். செப்டெம்பரில எழுதேக்க அதே உரையாடலுக்குக் கீழதான் எழுதப்போறாள். மிஸ்ஸுக்கு ஆள் ஆரெண்டு திரும்பச் சொல்லத் தேவையில்லை.

பதிலே வராமலும் போகும். கோரிக்கையை ஏற்றுக்கொண்டும் பதில் இல்லையெண்டால், ஒரு கிழமைக்குப் பிறகு அதே கேள்வியை ஒரே ஒருக்கா நினைவூட்டலாம். கோரிக்கையே ஏற்கப்படாமல் கிடந்தால், அவர் அதைத் திறந்தே பார்க்காமல் இருக்கலாம். அதுக்காக வட்ஸ்அப்பிலயும் முகநூலிலயும் அவரைத் தேடிப் போறது சரியில்லை. விண்ணப்பம் ஏற்கெனவே உள்ள போயிருக்கு. மிச்சம் இருக்கிற குறிப்பை அடுத்த விளம்பரத்துக்கு வைச்சுக்கொள்ளுறதுதான் நல்லது.