இரவல் அறையில் ஆறு கூடைகள்

பாலிக் புலாவில் தேசியப் பள்ளி ஒன்றின் தமிழ் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் மலேசியத் தேசியப் பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது விதி. வகுப்பு எப்படியோ கிடைத்துவிடும், அறை கிடைப்பதுதான் பாடு. இங்கே தமிழுக்கு ஒதுக்கியிருந்தது அறிவியல் அறை. அங்கே தரையோடு பொருத்திய ஆறு நீள மேசைகள் இருந்தன. அலமாரிகள் எல்லாம் அறிவியல் ஆசிரியருடையவை, அவற்றுக்குப் பூட்டு. தமிழாசிரியை தன் பொருள்கள் அனைத்தையும் காரிலிருந்து தூக்கி வருகிறார். அறுபது நிமிடம் முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாமல் எடுத்துப்போய்விட வேண்டும், ஏனென்றால் அடுத்த வகுப்பு வாசலிலேயே வரிசையில் நிற்கும்.

நான் பார்க்க விரும்பியது அவர் தமிழ் கற்பிக்கும் விதத்தையல்ல. பொருள்களைப் பிள்ளைகள் கையில் சேர்ப்பதையும், குழுக்களை இடம் மாற்றுவதையும், திரும்பப் பெறுவதையும் மட்டும் பார்க்கத்தான் போனேன். ஆசிரியர் பயிற்சியில் இதற்கென்று யாரும் ஒரு மணி நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. பாடக் குறிப்பில் “மாணவர்கள் குழுவாகப் பிரிந்து நடவடிக்கையில் ஈடுபடுவர்” என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிதான் வகுப்பில் பத்து நிமிடத்தைத் தின்கிறது.

அன்றைய பாடம் ஜாதிக்காய் பற்றிய ஒரு பத்தி. பிள்ளைகளுக்குத் தெரிந்த காய்தான், சிலர் வீட்டுப் பின்புறத்திலேயே மரம் நிற்கிறது. பத்தியின் வாக்கியங்கள் கலைந்து கிடக்கும். அவற்றை வெட்டி, வரிசைப்படுத்தி, மணிலா அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு குழுவும் முடிவாக ஒரு வாக்கியம் சேர்த்து எழுத வேண்டும். பிறகு ஒரு குழு செய்ததை மற்றவை படித்துக் கருத்து எழுத வேண்டும். 24 பிள்ளைகள், நால்வராக ஆறு குழுக்கள்.

இதைச் சாதாரணமாகச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாக்கியத் தாள், படம், கத்தரிக்கோல், பசை, மார்க்கர் என்று ஆளுக்கு ஐந்து பொருள். ஆசிரியரே மேசை மேசையாகப் போய்க் கொடுத்தால் 120 தடவை கை நீட்ட வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று வினாடி என்றாலும் ஆறு நிமிடம். முதலில் வாங்கியவன் அந்த ஆறு நிமிடமும் கத்தரிக்கோலை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருப்பான். “வேகமாகக் கொடுத்தால் சரியாகிவிடும்” என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். மூன்று வினாடியை இரண்டாக்கினாலும் நான்கு நிமிடம் போகிறது. குறைக்க வேண்டியது 120 என்ற எண்ணை.

ஆசிரியை அதை ஆறாகக் குறைத்திருக்கிறார். மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை, கூடைக்கு ஒரு நிறம். முந்தைய இரவே வீட்டில் அடுக்கி வைத்துவிடுகிறார். கூடையின் அடியில் ஒரு தடித்த அட்டை. அதில் கத்தரிக்கோல், பசை, மார்க்கர் ஆகியவற்றின் வெளிக்கோடு வரையப்பட்டிருக்கிறது. பொருள் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்தால் இருக்கிறது, கோடு காலியாகத் தெரிந்தால் காணவில்லை. எண்ணத் தேவையில்லை. கத்தரிக்கோல் நான்கு போடாமல் இரண்டுதான் போடுகிறார். வெட்டுபவர் இருவர், அடுக்குபவர் இருவர் என்று வேலை அப்படிப் பிரிகிறது. ஒன்று மட்டும் போட்டால் மூன்று பேர் காத்திருப்பார்கள், நான்கு போட்டால் யாரும் வாக்கியத்தைப் படிக்கமாட்டார்கள், எல்லாரும் வெட்டிக்கொண்டேயிருப்பார்கள். பசை முதலில் கூடையில் இல்லவே இல்லை. வரிசை சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் குழுவுக்குப் பசை. பசை முன்பே கையில் இருந்தால் தவறான வரிசையும் ஒட்டிவிடும்.

கூடையை எடுத்துவர குழுவுக்கு ஒருவர். பதவியின் பெயர் பொருளாளர். வாராவாரம் மாறுகிறது. பொருளாளர் வராத நாளில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டும் என்பது முன்பே முடிவானது, அதனால் “டீச்சர், இன்னிக்கு யார் எடுக்கறது?” என்ற கேள்வி எழவில்லை. கூடைகளை ஒரே இடத்தில் வைக்காமல் முன் மேசையில் மூன்று, பின்சுவர் ஓரம் மூன்று என்று பிரித்திருந்தார். ஆறு பேர் ஒரே மூலைக்கு ஓடினால் அங்கேயே நெரிசல்.

ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமானது வரிசை: முதலில் விளக்கம், பிறகு ஒரு பிள்ளை அதைத் திருப்பிச் சொல்வது, அதற்குப் பிறகே கூடை. “கையில சாமான் வந்துட்டா காது வேலை செய்யாது சார்” என்றார் ஆசிரியை. நான் பார்த்த பல வகுப்புகளில் தாளைக் கொடுத்துவிட்டு, கொடுத்த தாளையே தாண்டிக் கத்தி விளக்குவதுதான் வழக்கம். பிறகு ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாக அதே விளக்கம் ஆறு முறை நடக்கும்.

வகுப்பு நடுவே மழை பிடித்துக்கொண்டது. பாலிக் புலாவ் மழை தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. ஆசிரியை குரலை உயர்த்தவில்லை. விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார். எல்லாக் கைகளும் மேசைக்கு வந்தன. கைதட்டல், மணி, “ஒன்று இரண்டு மூன்று” எல்லாம் நல்ல வானிலைக்குத்தான் உதவும் என்று அப்போது விளங்கியது.

அடுத்தது குழுக்களை நகர்த்துவது. ‘கேலரி வாக்’ என்று பள்ளிகளில் சொல்கிறார்கள், ஒரு குழுவின் படைப்பை மற்றவர்கள் சுற்றி வந்து பார்ப்பது. ஆசிரியை அன்று பிள்ளைகளை நகர்த்தவே இல்லை, அட்டைகளை நகர்த்தினார். விளக்கு அணைந்து எரிந்ததும் பொருளாளர்கள் ஆறு பேர் மட்டும் எழுந்து, தங்கள் மணிலா அட்டையை அடுத்த மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். மேசைகளும் நாற்காலிகளும் நெருக்கமாக உள்ள அறையில் 24 பேர் எழுந்து நடப்பதற்கும் ஆறு பேர் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. எல்லாரும் நடக்க வேண்டிய நாள்களும் உண்டு, உடல் அசைய வேண்டும் என்பதற்காகவே அவர் சில பாடங்களில் நடக்க வைக்கிறார். அன்று அதற்குக் காரணமில்லை என்பதே அவர் முடிவு.

எல்லாரும் நடக்கும் நாளில் என்ன சிக்கல் வரும் என்று கேட்டேன். திசை என்றார். “கடிகாரச் சுற்றில் போங்கள்” என்றால் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் கிளம்புகிறார்கள். அதனால் மேசைக்கு மேசை தரையில் ஒட்டுத்தாளால் அம்புக்குறி ஒட்டுகிறார், போகும்போது உரித்துக்கொள்கிறார். எழுவதற்கு முன் எல்லாரும் தாங்கள் போக வேண்டிய மேசையை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். தவறான விரல் நடப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒவ்வொரு குழுவும் தன் நிற மார்க்கரை மட்டும் கையோடு கொண்டுபோகிறது. எந்தக் கருத்தை யார் எழுதினார்கள் என்பது அந்த நிறத்திலேயே தெரிகிறது, பெயர் எழுதும் நேரம் மிச்சம். முடிந்ததா இல்லையா என்று பார்த்து நகர்த்துவதில்லை. மூன்று நிமிடம் ஆனால் நகர வேண்டும், பாதியில் நின்ற வாக்கியம் பாதியிலேயே நிற்கும். ஆறு குழுவும் முடிக்கும்வரை காத்திருந்தால் ஐந்து குழு சும்மா இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு குழு சேர்ந்து ஒரே நேரத்தில் செய்யக்கூடியதை ஒவ்வொருவராகச் செய்ய வைப்பதை, பாடத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் பிழைகளில் ஒன்றாக அதில் சுட்டினார். “முதல் மேசை போகலாம்... இப்போது இரண்டாவது மேசை...” என்று ஒழுங்காகத் தோன்றும் அந்த முறைதான் அது. ஒழுங்கின் பெயரில் ஐந்து மேசையைக் காக்கவைக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார்கள். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தொடங்கி வைத்த செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் பொருளே கொடுக்கவில்லை. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் முறையிலிருந்து எடுத்தது அது. பிள்ளை சுவரிலுள்ள கற்றல் ஏணியில் தன் படியைப் பார்க்கும், அந்தப் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையை அடுக்கிலிருந்து தானே எடுக்கும், எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதையும் ஏணியே சொல்லிவிடும். ஆசிரியரின் உதவியோடு படிக்கும் குழுவிலிருந்து தானே படிக்கும் குழுவரை அந்தக் குழுக்கள் பிரிக்கப்பட்டிருந்தன. பின்னர் இது மாநிலம் முழுவதும் போயிற்று. வழங்கும் நேரம் ஏறத்தாழ இல்லாமலே போகிற அமைப்பு இது. ஆனால் அட்டைகள் அறையிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும், தொலைந்த அட்டைக்கு உடனே மாற்று வர வேண்டும். ஓர் அட்டை இல்லையென்றால் அந்தப் படியில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் நிற்பார்கள். இரவல் அறைக்கு அது பொருந்தாது. பாலிக் புலாவ் ஆசிரியை ஏணியை விட்டுவிட்டு, பிள்ளையே எடுத்துக்கொள்வது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார் எனலாம்.

பள்ளி தொடங்கிய முதல் வாரங்களில் அவர் வெறுங்கூடையை வைத்தே பழக்கினாராம். எடுத்து வருவது ஒரு நாள், திருப்பி வைப்பது இன்னொரு நாள். பாடம் எதுவும் கலக்கவில்லை. அதே வாரத்தில் எல்லாப் படிகளையும் சேர்த்துப் புகுத்தியிருந்தால் எந்தப் படி உடைகிறது என்றே தெரிந்திருக்காது என்றார். விடுமுறை முடிந்து வந்தால் மறந்துபோகிறது, மறுபடி வெறுங்கூடைதான். தாமதத்துக்கு நீளமாகத் திட்டுவதை அவர் விட்டுவிட்டார், ஏனென்றால் திட்டும் நேரம் தாமதத்தைவிட நீளம்.

கடைசி ஐந்து நிமிடம் திரும்பப் பெறுவதற்கு. கூடையின் கோடுகள் நிறைந்த மேசைதான் எழலாம். அன்று பச்சை மேசையில் ஒரு கத்தரிக்கோலின் கோடு காலியாக இருந்தது. தேடி எடுத்தது கைகழுவும் தொட்டியின் அடியிலிருந்து. வெளியே நின்ற வகுப்பு கொஞ்சம் முணுமுணுத்தது. இந்த முறையிலும் மிச்சப்படுத்த முடியாத நேரம் இதுதான். கத்தரிக்கோல் கிடைக்கும்வரை யாரையும் விடமுடியாது.

நேரத்தை எப்படி அளக்கிறார் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று அவர் பார்ப்பதில்லை. விளக்கு எரிந்ததிலிருந்து கடைசிக் குழு தன் முதல் எழுத்தை எழுதும்வரை எவ்வளவு ஆகிறது என்று பார்க்கிறார். உட்கார்ந்தும் மார்க்கர் மூடியைத் தேடிக்கொண்டிருக்கும் குழு அவர் கணக்கில் இன்னும் நகர்ந்து முடியவில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அடுத்த வகுப்பில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு நேரத்தை மட்டும் அளந்து பாருங்கள். எந்த மேசை கடைசி, அது எதற்காகக் காத்திருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூடை வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.