ஃபியூஸ் வயருக்குத்தான்

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மேகம் ரோட்டில் இறங்கிவிட்டால் ஹை பீம் உதவாது. மேலே போகும் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து, இருக்கிற பார்வையையும் மறைத்துவிடும். அப்போது வேண்டியது பம்பரில் தாழ்வாக இருந்து, மேல்நோக்கிச் சிதறாமல், ரோட்டின் இரண்டு ஓரங்களையும் அகலமாகக் காட்டுகிற வெளிச்சம். அதைக் கொடுப்பதுதான் பனி விளக்கு. விளக்கு மஞ்சளா வெள்ளையா என்று கடைகளில் நிறையப் பேசுவார்கள். மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நிறத்தைவிட விளக்கு இருக்கும் உயரமும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கூர்மையாக வெட்டுப்பட்டிருப்பதுமே முக்கியம்.

என் அக்கா மகன் தினமும் விடியற்காலையில் இந்த ரோட்டில் இறங்குகிறவன். அவன் கார் பேஸ் மாடல். பம்பரில் பனி விளக்குக்கான குழி இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகள், பிராக்கெட், ஒரு ஸ்விட்ச் எல்லாம் வாங்கிவந்து, "மாமா, ஹெட்லைட் வயர்லேயே ஒரு ஜாயின்ட் போட்டுட்டா ஈஸியா முடிஞ்சிடும்ல?" என்று கேட்டான். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அன்றைக்கு விளக்கு எரியவும் செய்யும். அதனால்தான் அதில் என்ன கோளாறு என்பதை விளக்கு எரிவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கு எளிமையானது. இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9.2 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14 வோல்ட் வரை இருக்கும். மின்னோட்டம் இன்னும் கொஞ்சம் ஏறி 10 ஆம்பியரை ஒட்டி நிற்கும். ஹெட்லைட்டுக்குக் கம்பெனி போட்ட வயரும் ஃபியூஸும் ஹெட்லைட்டின் அளவுக்குக் கணக்குப் பார்த்துப் போட்டவை. அதில் இன்னொரு 10 ஆம்பியரை ஏற்ற இடமில்லை.

சரி, தனி வயரைப் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விளக்குக்குக் கொண்டுவந்தால்? போய்த் திரும்ப ஐந்து மீட்டர் ஆகும். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அதன் தடை சுமார் 0.12 ஓம். அதில் ஒன்பதரை ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.1 வோல்ட் காணாமல் போகும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும். எட்டு சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும். பனியில் பார்க்கவென்று காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் கால்பங்கை வயரும் ஸ்விட்ச்சும் சூடாவதற்குச் செலவழிக்கிறோம். அந்தச் சின்ன ஸ்விட்ச்சின் தொடுமுனைகள் 10 ஆம்பியரைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவையும் இல்லை. நாளடைவில் கருகி, சில சமயம் ஒட்டிக்கொண்டு அணைக்கவே முடியாமல் போகும்.

ரிலே வேலைக்கு வருவது இங்கேதான். அது ஒரு பெரிய ஸ்விட்ச். அதை அழுத்துவது விரலல்ல, உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள். அந்தச் சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவே போதும். ஆகவே டாஷ்போர்டு வரை மெல்லிய வயர் போனால் போதும். 10 ஆம்பியர் இன்ஜின் அறைக்குள்ளேயே பேட்டரியிலிருந்து ரிலேவுக்கும், ரிலேவிலிருந்து விளக்குக்கும் குறுக்கு வழியில் போய்விடும். அக்கா மகன் காரில் அந்தத் தூரம் இரண்டு மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டோம். வழியில் இழப்பது 0.13 வோல்ட்தான்.

நான்கு கால் ரிலேவின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30-இல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர். 87-இலிருந்து விளக்குகளுக்கு. 85 பாடி எர்த்துக்கு. 86-க்கு ஸ்விட்ச்சிலிருந்து வரும் மெல்லிய வயர். அந்த ஸ்விட்ச்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் லைட் ஃபியூஸிலிருந்து எடுத்தோம், எந்த வயரையும் வெட்டாமல், ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே செருகிக்கொள்ளும் கிளைச் செருகியை வைத்து. இதில் ஒரு பயன் உண்டு: பார்க்கிங் லைட்டை அணைத்தால் பனி விளக்கும் அணைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், மறந்து விட்டுப்போன 110 வாட் விளக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சின்னக் காரின் பேட்டரியை ஸ்டார்ட் ஆகாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

ரிலே வாங்கும்போது சுருளுக்குக் குறுக்கே டயோடோ ரெசிஸ்டரோ உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். சுருளை அணைக்கும் கணத்தில் அதிலிருந்து ஒரு கூர்மையான மின்னழுத்த உதை கிளம்பும். இன்றைய கார்களில் விளக்குகளைக் கட்டுப்படுத்துவது கணினிப் பெட்டி. அந்த உதை அதன் பக்கம் போவது நல்லதல்ல. டயோடு உள்ள ரிலேவில் 86-க்குத்தான் பாசிட்டிவ் வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டயோடு வழியே ஷார்ட் ஆகும். ஸ்விட்ச்சைப் போட்டதும் பனி விளக்கு எரியாமல் பார்க்கிங் லைட் ஃபியூஸ் போய்விட்டால், முதலில் பார்க்க வேண்டியது 85-ம் 86-ம் இடம் மாறியிருக்கிறதா என்பதை.

ஃபியூஸுக்கு வந்தபோதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "15-க்குப் பதிலா 30 போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்காதா மாமா? அடிக்கடி போகாதே."

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுகிறது என்று நினைப்பதால் வருகிற கேள்வி இது. விளக்குக்கு அந்தக் காவல் தேவையில்லை. உள்ளே இழை அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும். ஃபியூஸ் காப்பது வயரை. வயர் முழுதாக ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். அப்போது 30 ஆம்பியர் ஃபியூஸும் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆபத்து அரைகுறை ஷார்ட்டில்தான் இருக்கிறது. பம்பரின் பின்னால் தகட்டு விளிம்பில் வயர் உரசி உரசி உறை தேய்ந்து, செம்பு லேசாகப் பாடியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழைச் சேறு, துரு எல்லாம் நடுவில் இருப்பதால் 25 ஆம்பியர்தான் ஓடுகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் இதைச் சில நொடிகளுக்கு மேல் தாங்காது, அறுந்துவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது சாதாரண நாள். அது அசையாமல் உட்கார்ந்திருக்கும். டேப் சுற்றிய கட்டுக்குள் இருக்கும் 0.75 வயர் வெந்து, உறை உருகி, பக்கத்து வயர்களையும் உருக்கும். அந்தச் சுற்றில் ஃபியூஸைவிட முதலில் எரிவது வயர் என்றால், ஃபியூஸ் வேலையை வயர் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அதனால் ஃபியூஸின் அளவை இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் முழுக்க ஓடும் மின்னோட்டம் ஃபியூஸ் அளவில் முக்கால் பங்கைச் சுற்றி நின்றால் நல்லது. 9.2-க்கு மேலே, கடையில் கிடைக்கும் அடுத்தடுத்த அளவுகள் 10, 15. பத்து போட்டால் அது எப்போதும் தன் எல்லையிலேயே எரிந்துகொண்டிருக்கும், என்றாவது ஒரு நாள் பனிக்கு நடுவில் காரணமில்லாமல் போகும். நீல நிறத்துப் பதினைந்து சரி. அடுத்து, வயர் ஃபியூஸைவிடத் திடமாக இருக்க வேண்டும்; 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 15 ஆம்பியரைச் சிரமமில்லாமல் தாங்கும்.

அவனுக்கு 100 வாட் பல்பு போடும் ஆசையும் இருந்தது, ஒரு ஜோடி வாங்கியும் வைத்திருந்தான். இரண்டும் சேர்ந்தால் 16.7 ஆம்பியர். பதினைந்து ஃபியூஸ் போகும். போனதும் யாராவது முப்பதை மாட்டுவார்கள். விளக்கின் பிளாஸ்டிக்கும் ஹோல்டரும் 55 வாட் சூட்டுக்குச் செய்தவை. இப்படித்தான் ஒவ்வொரு படியாக வண்டி தீப்பிடிக்கும் இடத்துக்குப் போகிறது. அந்தப் பல்புகளை அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதும் அதன் அளவுக்கு இணையான விஷயம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஃபியூஸ் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். ரிலேவைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி முடுக்கினோம், தண்ணீர் தேங்காமல் இருக்க. வயர் முழுவதும் நெளிவுக் குழாய்க்குள் போனது. தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்தோம். ரேடியேட்டர் ஃபேன், எக்ஸாஸ்ட் இரண்டிலிருந்தும் தள்ளியே கொண்டுபோனோம். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, செம்பு வளையத்தை இறுக்கி, மேலே வாசலின் தடவினோம்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரை எடுத்தோம். பேட்டரியில் 13.8. விளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே வலப்பக்கம் 13.5. இடப்பக்கம் 12.6 காட்டியது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இடது விளக்கின் எர்த் வயரிலும் வைத்தோம், 0.9 வோல்ட். இடப்பக்கத்தின் கூடுதல் இழப்பு எர்த்தில் என்று தெரிந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் இன்னும் ஒரு பூச்சு மிச்சமிருந்தது. அதையும் சுரண்டி முடுக்கியதும் இரண்டு பக்கமும் ஒன்றானது. கண்ணால் பார்த்திருந்தால் அந்த இடப்பக்கக் குறையை நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம். அரை மணி நேரம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு இருக்கலாம், விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த இணைப்பு தளர்வு. கடைசியாகச் சுவரெதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி சாய்த்தோம். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கிற பனி விளக்கு பனி விளக்கே இல்லை.

ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளில் "பனி விளக்கு, 15 ஆம்பியர், பேட்டரி அருகில்" என்று எழுதி ஒட்டி, ஒரு நீல ஃபியூஸைக் கூடவே டேப் போட்டு வைத்தோம். வண்டி கைமாறலாம், வேறொரு மெக்கானிக் திறக்கலாம். "இது போனா அதே பதினஞ்சைப் போடு. ரெண்டாவதும் போச்சுன்னா ஃபியூஸை மாத்தாதே, வயரைத் தேடு" என்றேன் அவனிடம். அறுந்த ஃபியூஸ் ஒரு தகவல் சொல்கிறது. அதைக் கேட்காமல் பெரிய ஃபியூஸ் மாட்டினால், அதே தகவலை அடுத்த முறை புகைதான் சொல்லும்.