சும்மா இருந்தாலும் செலவாகும் கலோரி

ஜிம்மில் டிரெட்மில்லை விட்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரையை ஒருமுறை பார்ப்பார்கள். தூரத்தையும் நேரத்தையும் தாண்டிப் பார்வை கலோரியில் போய் நிற்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் அன்றைய காலைச் சிற்றுண்டிக்கு ஒரு தனி உரிமை வந்துவிடுகிறது. ‘இருநூறுக்கு மேல எரிச்சாச்சு, இன்னும் ரெண்டு இட்லி வைக்கலாம்’ என்ற கணக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் மனதில் முடிந்திருக்கும்.

எண்ணில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதில் ஒரு பகுதி, அவர் டிரெட்மில் பக்கமே போகாமல் வீட்டில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். இதயம் துடிக்கவும், மூச்சு ஓடவும், மூளையும் கல்லீரலும் வேலை பார்க்கவும், உடல் சூடு குறையாமல் இருக்கவும் ஆகிற செலவு அது. ஓய்வுச் செலவு என்று அதைச் சொல்லலாம். அதையும் சேர்த்துச் சொன்னால் மொத்தக் கலோரி. கழித்துவிட்டுச் சொன்னால் நிகரக் கலோரி. திரையில் வருவது இரண்டில் எது என்று பெரும்பாலான இயந்திரங்கள் சொல்வதில்லை.

இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன என்பதை ஒரு சூத்திரத்திலேயே பார்க்கலாம். சமதளத்தில் நடப்பதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை மதிப்பிட, விளையாட்டு மருத்துவத்துக்கான அமெரிக்கக் கல்லூரி ஒரு எளிய சமன்பாடு வைத்திருக்கிறது. உடற்பயிற்சித் துறையில் பரவலாகப் புழங்குவது அது. நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கிறோமோ, அதை 0.1-ஆல் பெருக்கி, அதோடு 3.5-ஐக் கூட்ட வேண்டும். விடை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று வரும். பெருக்கி வந்த பகுதி நடையின் செலவு. கூட்டிய 3.5 ஓய்வின் செலவு. மொத்தத்துக்கும் நிகரத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு கூட்டலில் இருக்கிறது.

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 65 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான். சமன்பாட்டின்படி நடைக்கு 8, ஓய்வுக்கு 3.5, ஆக மொத்தம் 11.5. இதை அவருடைய எடைக்கும் அறுபது நிமிடத்துக்கும் பெருக்கினால் ஏறக்குறைய 45 லிட்டர் ஆக்சிஜன். ஒரு லிட்டருக்கு 5 கலோரி என்பது வழக்கமான கணக்கு. திரையில் 224 வரும். ஓய்வுக்குரிய 68-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 156. நடந்ததற்காக அவர் செலவழித்தது அவ்வளவுதான்.

போன 68 ஏறத்தாழ ஓர் இட்லியின் அளவு. இதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், எடை குறைக்க நினைக்கிற ஒருவர் நாள் முழுவதற்குமான கணக்கைத் தனியாக ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார். 1990-இல் வெளிவந்து இன்றும் உணவியல் ஆலோசகர்கள் பயன்படுத்துகிற மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் இந்தப் பெண்ணின் எடை, உயரம், வயதைப் போட்டால் ஓய்வுச் செலவு நாளுக்குச் சுமார் 1,250 கலோரி. உட்கார்ந்த வேலை பார்ப்பவர் என்பதால் அதை 1.2-ஆல் பெருக்கி 1,500 என்று வைப்பார்கள். இந்த 1,500 இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான். அவர் நடந்த அந்த ஒரு மணி நேரமும் அதில் அடக்கம். அதன் பங்கு 62, 63 கலோரி. இப்போது டிரெட்மில் காட்டிய 224-ஐ அப்படியே மேலே கூட்டினால், அதே ஒரு மணி நேரத்து ஓய்வு இரண்டு தடவை எழுதப்படுகிறது. தினமும் நடந்து, தினமும் திரையை நம்பிச் சாப்பிட்டால் மாதத்தில் இது இரண்டாயிரம் கலோரியைத் தொட்டுவிடும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்கிற காகிதக் கணக்கில் அது கால் கிலோ. ‘எல்லாம் சரியாத்தானே செய்றேன், ஏன் இறங்க மாட்டேங்குது?’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் பல காரணங்களில் இதுவும் ஒன்று.

மொத்தக் கலோரியை மட்டும் பார்த்தால் என்ன விபரீதம் வரும் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இதே பெண் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். ஒரு நாள் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஐம்பது நிமிடத்தில் முடிக்கிறார். இன்னொரு நாள் கடை கடையாக வேடிக்கை பார்த்தபடி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நூறு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். சூத்திரப்படி நிகரச் செலவு இரண்டு நாளும் ஒன்றேதான், சுமார் 162 கலோரி. ஆனால் மொத்தக் கலோரியாகப் பார்த்தால் வேகமாக நடந்த நாளில் 219, ஆடி அசைந்து நடந்த நாளில் 276! மெதுவாக நடந்தவருக்குத்தான் பரிசு. ஆட்டோ மீட்டரில் வெயிட்டிங் சார்ஜ் ஏறுவது போன்ற சங்கதி இது: தூரம் கூடவில்லை, நேரம் ஓடியிருக்கிறது. நிஜ உடலில் நிகரச் செலவும் இப்படிக் கோடு கிழித்தாற்போல் சமமாக இருக்காது. மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ நடந்தால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு கொஞ்சம் கூடும். ஆனாலும் அந்த 57 கலோரி வித்தியாசம் நடையினால் வந்ததல்ல.

ஓடுகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. ஓட்டத்துக்கான சமன்பாட்டில் 0.1-க்குப் பதில் 0.2 வரும், ஓய்வின் 3.5 அப்படியே நிற்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் மொத்தத்தில் ஓய்வின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதை மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை. இத்தாலிய உடலியலாளர் ரொடோல்ஃபோ மார்கரியாவும் அவருடைய சகாக்களும் 1963-இல் ஓட்டத்தின் செலவை அளந்து, கிலோமீட்டருக்குக் கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி, வேகம் எதுவானாலும் சரி, என்று எழுதினார்கள். எளிதில் நினைவில் நிற்கும் அந்தக் கணக்கு வேகத்தைச் சார்ந்திராததற்குக் காரணம், அவர்கள் ஓய்வைக் கழித்துவிட்டுச் சொன்னதுதான்.

ஆக, ஏமாற்றம் அதிகமாவது மென்மையான, நீண்ட நேரம் நீடிக்கிற காரியங்களில். நடையில் முப்பது சதவீதம். ஓய்வைப் போல் இரண்டரை மடங்கு என்று மதிப்பிடப்படும் நிதானமான ஹட யோகத்தில் நாற்பது சதவீதம். இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது, நின்றுகொண்டே அலுவலக வேலை பார்ப்பது. நின்று வேலை செய்யும் மேசைகள் நாகரிகமான காலத்தில் அதைப் பற்றி நிறையப் பேச்சு இருந்தது. நிற்கும்போது ஒருவர் மணிக்கு எத்தனை கலோரி செலவழிக்கிறார் என்று கேட்டால் கௌரவமான ஓர் எண் கிடைக்கும். 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவு கூடுதல்? நிமிடத்துக்கு 0.15 கலோரி என்று விடை வந்தது. 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் கால் கடுக்க நின்றால் 54 கலோரி. கால் வலியை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இங்கே இன்னொரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. கழிக்க வேண்டியது படுத்திருக்கும் ஓய்வையா, அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருப்போமோ அதையா? மேசை ஆய்வு கழித்தது உட்கார்ந்திருப்பதை. நடக்கிற பெண்ணும் அந்த ஒரு மணி நேரம் கட்டிலிலேயே கிடந்திருக்க மாட்டார். உட்கார்ந்து டிவி பார்த்திருந்தால் 156-இலிருந்து இன்னும் பத்து போல் குறையும். அடுக்களையில் நின்று சமைத்திருப்பார் என்றால் இன்னும் கணிசமாகக் குறையும். நிகரக் கலோரி என்பது எப்போதும் எதற்கு எதிராக நிகரம் என்ற கேள்வியோடு வருவது.

எவ்வளவு கழிப்பது என்பதிலும் ஒரு பிசகு உண்டு. 3.5 மில்லிலிட்டர் என்பது எல்லாருடைய ஓய்வுக்கும் பொதுவான அளவாகப் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. நுவாலா பைர்னும் சக ஆய்வாளர்களும் 769 பேரை அளந்து 2005-இல் வெளியிட்ட முடிவில் சராசரி 2.6 தான் வந்தது. நம் பெண்ணுக்கும் மிஃப்ளின் சூத்திரம் மணிக்கு 52 கலோரி என்கிறது. டிரெட்மில் சூத்திரமோ 68 என்று வைத்திருக்கிறது. அப்படியானால் 224-இலிருந்து 52-ஐத்தானே கழிக்க வேண்டும்? கூடாது. அவருடைய உடலின் நிஜமான ஓய்வு எதுவாக இருந்தாலும், இயந்திரம் கூட்டியது 68. கூட்டியதைத்தான் திரும்ப எடுக்க முடியும். முகமூடி மாட்டி, மூச்சில் போகிற ஆக்சிஜனை நேரடியாக அளந்து வந்த எண் என்றால் கதை வேறு. அங்கே அவருடைய சொந்த ஓய்வைக் கழிப்பதே முறை.

மொத்தக் கலோரி தவறான எண் என்று இதற்குப் பொருள் இல்லை. தூக்கம், வேலை, நடை, சமையல் என்று நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுகிறவருக்கு மொத்தமே வேண்டும். அங்கே கழித்தால்தான் தப்பு. கைக்கடிகாரங்களில் சில இரண்டையும் பிரித்தே காட்டுகின்றன. ஆப்பிள் வாட்ச் பயிற்சி முடிந்ததும் ‘ஆக்டிவ்’ என்று ஒன்றும் ‘டோட்டல்’ என்று ஒன்றும் தரும். முன்னது நிகரம், பின்னது மொத்தம். ஃபிட்பிட் நாள் கணக்கில் ஓய்வையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆனால் கழித்தல் ஒன்றும் சர்வரோக நிவாரணி அல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, கலோரி மதிப்பீட்டில் ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. அடிப்படை எண்ணே அப்படி ஆடும்போது, கழித்த பிறகு வருவதைக் கடைசி இலக்கம்வரை நம்புவது அசட்டுத்தனம்.

கையில் கட்டியிருப்பது எதைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கக் கையேடு தேவையில்லை. காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பே, அன்றைய கலோரியைப் பார்த்தால் போதும். ஆறு மணிக்குள் முந்நூறு சொச்சம் ஏறியிருந்தால், நள்ளிரவிலிருந்து ஓய்வும் எண்ணப்பட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அது நிகரம். டிரெட்மில்லுக்கும் பரீட்சை உண்டு, எடையைக் கேட்டு வாங்கிக்கொள்கிற இயந்திரமாக இருந்தால். 65 கிலோ என்று கொடுத்து, சாய்வைப் பூஜ்யமாக வைத்து, 4.8 வேகத்தில் பத்து நிமிடம் நடந்து பார்க்கலாம். திரை 37-ஐ ஒட்டி நின்றால் மொத்தம், 26-ஐ ஒட்டி நின்றால் நிகரம். எடையையே கேட்காத இயந்திரம் யாரோ ஒருவருடைய உடம்புக்குக் கணக்குப் போடுகிறது. அதில் எதை எதிலிருந்து கழிப்பது?