மிச்சமாக நிற்கும் அந்த ஒரு பங்கு யாருடையது?



சோனகதெருவிலும் சுற்றுவட்டத்திலும் பழைய வளவுகள் விலைப்படும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. காணி வாப்பாவின் பெயரில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் எல்லோரும் வெளியேற்றப்பட்ட பிறகு, வாப்பா புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. இப்போது காசு வருகிறது, எப்படிப் பிரிப்பது? ஆண் பிள்ளை இருக்கும் குடும்பங்களில் இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. உரியவர்களின் பங்கு போக மிச்சமெல்லாம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிள்ளைகளிடம் போய்விடும். பெண் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில்தான் கணக்கு பிசகுகிறது. ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டில் மரண சாசனம் எழுதாமல் மௌத்தான ஒரு முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்திருந்த மத்ஹபின் முறையில் பிரிகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது ஷாபிஈ மத்ஹப்.

முதலில் ஒரு பழைய வழக்கு. உஹது யுத்தத்தில் ஸஃது இப்னு ரபீஉ (ரழி) ஷஹீதானார்கள். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். அந்த மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கிய பின், நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டையும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றையும் கொடுக்கச் சொன்னார்கள். மீதி உமக்கு என்றார்கள். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் இந்தச் சம்பவம் திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது.

இதில் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். முழுவதையும் எடுத்த சகோதரரின் கை தடுக்கப்பட்டது. அதே நேரம் மிச்சம் அவருக்கு மறுக்கப்படவும் இல்லை. பங்குகள் கூடி ஒன்றாக வராதபோது மிச்சத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவரைத்தான் ‘அஸபா’ என்கிறோம்: பங்குதாரர்கள் எடுத்தபின் எஞ்சியதை எடுக்கும் நெருங்கிய ஆண் வழி உறவினர்.

இனி நம் ஊர்க் கணக்கு. ஒருவர் மௌத்தாகும்போது மனைவி, உம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், உடன்பிறந்த ஒரு சகோதரர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கஃபன் செலவு, கடன், கொடுபடாத மஹர், வஸிய்யத் எல்லாம் கழிந்து 24 லட்சம் ரூபாய் இருக்கிறது.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8, உம்மாவுக்கு 1/6. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து 2/3. பகுதி எண்கள் 8, 6, 3. இவற்றின் பொதுமடங்குகளுட் சிறியது 24. ஆகவே சொத்தை 24 பங்காக வையுங்கள். மனைவிக்கு 3, உம்மாவுக்கு 4, பெண் பிள்ளைகளுக்கு 16. கூட்டினால் 23. ஒன்று மிச்சம். ஸஃது (ரழி) அவர்களின் வீட்டில் உம்மாவின் பங்கு பேசப்படவில்லை. அங்கே மிச்சம் 24 இல் 5. இங்கே 24 இல் 1, அதாவது ஒரு லட்சம். அது சகோதரருடையது. ஆண் பிள்ளையோ வாப்பாவோ இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது. பெண் பிள்ளைகள் அவரைத் தடுப்பதில்லை.

பிழை எங்கே நடக்கிறது? மூன்று தரப்பை மட்டும் எழுதி, 3 + 4 + 16 = 23 என்று கண்டு, 24 லட்சத்தை 23 ஆல் வகுத்துவிடுகிறார்கள். மனைவிக்கு 3 லட்சத்துக்குப் பதில் ஏறத்தாழ 3,13,043 ரூபாய் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சரியாக 24 லட்சம். கணக்கு சரிபோலத் தெரியும். ஆனால் ஓர் ஆள் காணாமல் போயிருப்பார். கூட்டுத்தொகையைச் சரிபார்த்தால் இந்தப் பிழை பிடிபடாது, ஆட்களின் பட்டியலைத்தான் சரிபார்க்க வேண்டும்.

23 ஆல் வகுப்பதற்கு நெருக்கமான ஒரு முறை உண்மையில் உண்டு. அதற்கு ‘ரத்து’ என்று பெயர், மிச்சத்தைப் பங்குதாரர்களுக்கே திருப்புவது. அஸபா யாருமே இல்லாதபோதுதான் அது வரும். ஷாபிஈ மத்ஹபின் மூல நிலைப்பாட்டில் அந்த மிச்சம் பைத்துல்மாலுக்குரியது. பைத்துல்மால் ஒழுங்காக இயங்காத காலத்தில் திருப்பலாம் என்று பிற்கால உலமாக்கள் சொன்னார்கள். அப்போதும் மனைவிக்குத் திரும்பாது. அவர் 3 லட்சத்தோடு நிற்க, மீதி 21 லட்சம் உம்மாவுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் 4க்கு 16 என்ற விகிதத்தில் பிரியும். உம்மாவுக்கு 4,20,000, பெண் பிள்ளைகளுக்குத் தலைக்கு 8,40,000. இதில் கால் வைக்குமுன், சகோதரரின் மகன், சாச்சா, சாச்சாவின் மகன் என்று ஆண் வழியில் உண்மையிலேயே ஒருவரும் இல்லையா என்று தேட வேண்டும். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் சிதறிப்போன நமக்கு, ‘யாரும் இல்லை’ என்பது பல நேரம் ‘தொடர்பில் யாரும் இல்லை’ என்பதுதான்.

மறுபக்கமும் உண்டு. அதே குடும்பத்தில் சகோதரருக்குப் பதில் மௌத்தானவரின் வாப்பா உயிரோடு இருந்தால் அவருக்கும் 1/6, அதாவது 4. இப்போது கூட்டுத்தொகை 27. இருக்கும் 24இல் 27ஐக் கொடுக்க முடியாது. அப்போது யாரையும் வெட்டாமல், சொத்தையே 27 பங்காக வைப்பார்கள். இது ‘அவ்ல்’. ஒரு பங்கு ஒரு லட்சத்திலிருந்து ஏறத்தாழ 88,889 ரூபாயாக இறங்கும், குறைவு எல்லோர் மேலும் ஒரே விகிதத்தில் விழும். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். அலி (ரழி) அவர்கள் மிம்பரில் நின்றே விடை சொன்னதாக வரும் கணக்கு இதுதான்.

கடைசியாக, காணியில் இது எப்படி முட்டுகிறது என்பது. வாரிசு யார் என்பது மௌத்தான நாளில் முடிவாகிறது, காணி விற்கும் நாளில் அல்ல. முன்சொன்ன சகோதரர் பிறகு மௌத்தாகியிருந்தால், அவருடைய 1/24 அவருடைய பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் இறங்கியிருக்கும். அவர்களின் கையொப்பம் இல்லாமல் எழுதும் உறுதியில் அந்தப் பங்கு வாங்குபவருக்குப் போகாது. நாளை அவர்கள் வந்து கேட்கலாம்.

உம்மாவின் 4 பங்கையும் மறக்கக் கூடாது. அவர் அந்தச் சகோதரருக்கு முன்பே மௌத்தாகி, அவருக்குக் கணவரோ வேறு பிள்ளைகளோ இல்லாதிருந்தால், அந்த 4 பங்கும் உயிரோடிருந்த அந்த மகனுக்கே போகும். பேத்திகளுக்கு அதில் பங்கில்லை. அப்போது ‘ஒரு லட்சம்தானே’ என்று விட்ட சாச்சாவின் பங்கு 24இல் 5 ஆகிறது. ஆகவே கணக்குப் போட உட்காரும்போது, பின்னங்களுக்கு முன் ஒரு தாளில் மௌத்தானவர்களின் பெயர்களைத் திகதி வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரே, அன்று உயிரோடு இருந்தவர்களை எழுதுங்கள். அந்தத் தாளோடு ஃபராயிழ் தெரிந்த ஒரு மௌலவியிடமும், பிறகு நொத்தாரிசிடமும் போங்கள்.

பெண் பிள்ளைகள் விரும்பிச் சாச்சாவிடம் கேட்டு, அவர் மனதார விட்டுக்கொடுத்தால் அது அவருடைய தாராளம். விட்டுக்கொடுப்பதற்கும் முதலில் அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரிடமிருந்து எடுத்தது விட்டுக்கொடுத்ததாகாது.

வஸ்ஸலாம்.