நாலு கோடியா, தொண்ணூற்றொரு லட்சமா?

மிளகாய் மண்டியில் உட்கார்ந்திருக்கும் கமிஷன் ஏஜெண்டைப் பார்த்திருப்பீர்கள். விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறார். வியாபாரி விலை பேசி எடுத்துப்போகிறார். பணம் முழுவதும் மண்டிக்காரரின் கைக்குத்தான் வருகிறது. அவர் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை விவசாயிக்குக் கொடுக்கிறார். ஒரு நாளில் ஐந்து லட்ச ரூபாய் கைமாறினாலும் மண்டிக்காரரின் வருமானம் ஐந்து லட்சம் என்று யாரும் சொல்வதில்லை.

இதே கேள்வி விமான டிக்கெட் விற்பவரிடம் வரும்போது மட்டும் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். வங்கியில் கடன் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சிக் கிளையில் இருந்தேன். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வருகிற குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால் டிராவல்ஸ் தொழில் நன்றாக நடந்தது. அப்படி ஒருவர் ஓவர்டிராஃப்ட் கேட்டு வந்தார். நல்ல மனிதர், நாணயமானவர். லாப நஷ்டக் கணக்கை நீட்டினார். முதல் வரியிலேயே விற்பனை நாலு கோடி என்று இருந்தது.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. நாயக் கமிட்டியின் பரிந்துரைப்படி, எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகத் தரலாம். நாலு கோடிக்கு அது 80 லட்சம். அவரும் 80 லட்சம்தான் கேட்டார். அடமானத்துக்கு, தான் குடியிருக்கும் வீட்டையும் மனைவி பெயரிலிருந்த மனையையும் தருவதாகச் சொன்னார்.

நாலு கோடி எப்படி வந்தது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். விமான டிக்கெட் மூன்று கோடி. பஸ் டிக்கெட், ஓட்டல் அறை பதிவு 40 லட்சம். காசி யாத்திரைக் குழுக்கள் 60 லட்சம்.

நான் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்.

"விமானம் ரத்தானால் பயணிக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்?"

"ஏர்லைன்ஸ்தான் சார். நான் போன் போட்டுத் தேதி மாற்றிக் கொடுப்பேன், அவ்வளவுதான்."

"ஒரு சீட் விற்காமல் போனால் யாருக்கு நஷ்டம்?"

"அவங்களுக்குத்தான். நான் சீட்டை வாங்கி வைக்கிறதில்லையே. பார்ட்டி வந்தப்புறம்தான் டிக்கெட் போடுவேன்."

"விலையை வைப்பது யார்?"

"அதுவும் அவங்கதான். வேணும்னா என் கமிஷன்லேருந்து கொஞ்சம் விட்டுக் கொடுப்பேன்."

அவர் வாயாலேயே விடை வந்துவிட்டது. விமானத்தில் அந்த இடம் ஒரு நிமிடம்கூட அவருடையதாக இருந்ததில்லை. அப்போது டிக்கெட்டுக்கு ஏஜெண்ட் கமிஷன் 9 சதவீதம். ஆகவே மூன்று கோடியில் அவருடைய வருமானம் 27 லட்சம். பஸ், ஓட்டல் வகையில் 10 சதவீதம் என்று 4 லட்சம். மீதியெல்லாம் விமான நிறுவனத்தின் பணம், பஸ்காரரின் பணம், ஓட்டல்காரரின் பணம். இவர் கையைக் கடந்து போகிறது, அவ்வளவே.

அவர் விடவில்லை. "கம்பெனிகளுக்குக் கடனுக்கு டிக்கெட் கொடுக்கிறேன் சார். அவங்க பணம் தரலைன்னா ஏர்லைன்ஸுக்கு நான்தானே கட்டணும்? அப்ப அது என் விற்பனைதானே?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் வராக்கடனைத் தாங்குவது ஒன்று, விற்கும் பொருளுக்கு உரிமையாளராக இருப்பது வேறொன்று. மண்டிக்காரரும்தான் வியாபாரிக்குக் கடன் விடுகிறார், அதனால் மிளகாய் அவர் வயலில் விளைந்ததாகிவிடுமா?

காசி யாத்திரைக்கு வந்தபோது கதை மாறியது. அதே மூன்று கேள்விகளை மறுபடி கேட்டேன். குழுவுக்கு 40 ரயில் இடங்களை முன்கூட்டியே தன் பணத்தில் பதிவு செய்கிறார். காசியில் அறைகளுக்கு முன்பணம் முழுதும் கட்டிவிடுகிறார். கூடவே சமையற்காரரையும் அழைத்துப் போகிறார். 34 பேர் மட்டும் சேர்ந்தால் மீதி ஆறு இடத்தின் நஷ்டம் அவருடையது. தலைக்கு இவ்வளவு என்று விலை வைப்பதும் அவரே. அறையில் தண்ணீர் வரவில்லை என்றாலும், சமையற்காரர் காய்ச்சலில் படுத்தாலும் யாத்ரீகர்கள் பிடிப்பது இவர் சட்டையைத்தான், ரயில்வேயின் சட்டையை அல்ல.

ரயிலும் அறையும் பிறருடையவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றை முதலில் தன் கைக்குள் கொண்டுவந்து, சேர்த்துக் கட்டி, தன் பொறுப்பில் வேறொரு பொருளாக விற்கிறார். எனவே அந்த 60 லட்சமும் அவருடைய விற்பனை. அதற்காக அவர் செய்த 51 லட்சம் அவருடைய செலவு. லாபம் 9 லட்சம்.

ஆக, ஒரே கடைக்குள் இரண்டு விதம். டிக்கெட் மேசையில் அவர் ஏஜெண்ட், யாத்திரை மேசையில் முதலாளி. திருத்தி எழுதினால் வருமானம் 27 லட்சம், 4 லட்சம், 60 லட்சம், மொத்தம் 91 லட்சம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எப்படி எழுதினாலும் லாபம் மாறவில்லை. நாலு கோடி என்று எழுதி, பிறருக்குக் கொடுத்த 3 கோடியே 60 லட்சத்தைச் செலவாகக் கழித்தாலும் 40 லட்சம்தான் மிஞ்சுகிறது. 91 லட்சம் என்று எழுதி யாத்திரைச் செலவு 51 லட்சத்தைக் கழித்தாலும் அதே 40 லட்சம். அதில் சம்பளம், வாடகை, டெலிபோன் என்று 28 லட்சம் போக 12 லட்சம் லாபம். வரி ஏய்ப்பும் இல்லை, பொய்க் கணக்கும் இல்லை. அதனால்தான் பலர் இதை வெறும் எழுத்து வேலை என்று நினைக்கிறார்கள்.

எழுத்து வேலை இல்லை என்பது கடன் தொகையில் தெரிந்தது. 80 லட்சத்தை முழுதும் எடுத்துப் பயன்படுத்தினால், அப்போதைய 16 சதவீத வட்டியில் வருடத்துக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். அவருடைய மொத்த லாபமே 12 லட்சம். வீட்டையும் மனையையும் அடகு வைத்து வாங்கும் பணம், முதல் வருடமே லாபத்தை முழுதாக விழுங்கியிருக்கும்.

அப்படியானால் 91 லட்சத்தில் 20 சதவீதம், 18 லட்சம் கொடுத்தால் சரியா? அதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய காரியமில்லை. ஏஜெண்டின் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. வருமானம் கமிஷன் மட்டும் என்றாலும், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி டிக்கெட்டின் முழு விலைக்கு நிற்கும். இவருக்கு வரவேண்டிய பாக்கி 25 லட்சம். 91 லட்சத்தோடு ஒப்பிட்டால் நூறு நாள் பாக்கி போலத் தோன்றும், வசூலே ஆகாத கடை என்று பயம் வரும். நாலு கோடிப் பதிவுகளோடு ஒப்பிட்டால் 23 நாள்தான். இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் நாலு கோடிதான் சரியான எண்.

ஆகவே சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு உண்மையான இடைவெளியை அளந்தோம். வாடிக்கையாளரிடம் நிற்பது 25 லட்சம். விமான நிறுவனங்களுக்குப் பதினைந்து நாளுக்கொருமுறை கட்டுவதால் இவர் கையில் சராசரியாக நிற்கும் அவர்கள் பணம் சுமார் 12 லட்சம். நடுவே 13 லட்சம். 15 லட்சம் ஓவர்டிராஃப்டுக்குச் சிபாரிசு செய்தேன். மனையின் பத்திரம் மட்டும் போதும், வீடு வேண்டாம் என்றோம். முதலில் அவருக்கு மனக்குறைதான். வட்டிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வீட்டுப் பத்திரத்தை அவகிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது திருச்சியோடு நின்ற விஷயமல்ல. அதே காலத்தில் அமெரிக்காவில் பிரைஸ்லைன் என்ற இணைய நிறுவனம் விமான டிக்கெட், ஓட்டல் அறை விற்றது. 1999-ன் மூன்றாம் காலாண்டில் அது காட்டிய வருவாய் சுமார் 152 மில்லியன் டாலர். அதில் ஏறக்குறைய 134 மில்லியன் விமான, ஓட்டல் நிறுவனங்களுக்குப் போனது. மிச்சம் 18 மில்லியன். விலையைத் தீர்மானிப்பவர் நாங்கள், எனவே நாங்களே விற்பவர் என்பது அவர்கள் வாதம். அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் இணைய நிறுவனங்கள் லாபமே காட்டாத காலம் அது. வருவாயை வைத்துத்தான் பங்குக்கு விலை போட்டார்கள். 152-ஐப் பார்த்து விலை போடுவதற்கும் 18-ஐப் பார்த்து விலை போடுவதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசியுங்கள். 2000-ம் ஆண்டில் அங்கே இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது.

நம் நாட்டில் விதி அதற்கு முன்பே இருந்தது. 1985-ல் வந்த கணக்கியல் தரநிலை 9, ஏஜென்சி உறவில் கமிஷன் மட்டுமே வருவாய், வந்துபோகும் முழுத் தொகை அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இன்னும் நுணுக்கமாகக் கேட்கிறது: வாடிக்கையாளரிடம் போய்ச் சேருமுன் அந்தச் சேவை உன் கட்டுப்பாட்டில் இருந்ததா? அதைக் கண்டுபிடிக்க அது சொல்லும் அடையாளங்கள், பொறுப்பு யாருடையது, விற்காத சரக்கின் நஷ்டம் யாருடையது, விலை வைப்பவர் யார் என்ற மூன்றுதான். வராக்கடன் யாருடையது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

நம்மில் பலர் ஓய்வூதியத்தில் கொஞ்சம் எடுத்துப் பங்குகளில் போடுகிறோம். பயணப் பதிவு நிறுவனம் ஏதாவது புதுப் பங்கு வெளியிட்டால், விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் எண் மொத்தப் பதிவுத் தொகையா, வருவாயா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் வருவாய்க் கொள்கை என்ற குறிப்பைத் தேடுங்கள். டிக்கெட்டுக்கு நிகரம், சுற்றுலாத் தொகுப்புக்கு மொத்தம் என்று பிரித்து எழுதியிருந்தால் நல்லது. ஒரு வருடம் வருவாய் திடீரென்று இரண்டு மடங்காகி, ரூபாயில் லாபம் அப்படியே நின்றால், வியாபாரம் வளர்ந்ததா, தொகுப்புகள் கூடினவா, அல்லது எழுதும் முறை மாறியதா என்று அந்தக் குறிப்பைப் படித்தால் தெரிந்துவிடும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதானால் வருவாயை விட்டுவிட்டு, பிறருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். எந்த முறையில் எழுதினாலும் அந்த எண் மாறாமல் நிற்கும்.